எந்தக் ‘க’?

புனேயின் ஏரவாடாவில் பெண்களுக்கான மராத்தி எழுத்தறிவு வகுப்பில் சேர்ந்தபோது எனக்கு அறுபத்தெட்டு வயது. வகுப்பு வேலையாக நாலு பேராகச் சேர்ந்து எங்கள் சந்துக்காரர்களை ஈரக் குப்பை, உலர்ந்த குப்பை பிரிக்க வைத்தோம். அதில் கற்ற பாடங்களை ஐந்து நிமிடத்தில் மராத்தியில் சொல்ல வேண்டும். ஒருத்தி பேசாவிட்டாலும் நால்வருக்கும் தேர்ச்சி கிடையாது.

செய்த வேலையை முதலாமவளும், தவறுகளை அடுத்தவளும், திருத்தியதை மூன்றாமவளும் சொல்வது என்று பிரித்துக்கொண்டோம். கடைசி ஒரு நிமிடம் எனக்கு. மராத்தி எழுத்து எனக்கு ஓடாது, தமிழ்தான் வாசிக்க வரும் என்று, குழுவிலிருந்த தமிழ்ப்பெண் என் பகுதியைத் தமிழ் எழுத்தில் எழுதித் தந்தாள்.

“ஒரு தடவை வாசிச்சுக் காட்டுங்கக்கா.”

“நாப்பது வருசமா மராத்தி பேசுறேன். எனக்கேவா?”

என் முறை வந்தது. தாளில் ‘கட்’ என்றிருந்தது. அந்த மராத்திச் சொல்லைக் கணபதியின் ‘க’வில் சொன்னால் குழு, கல்லின் ‘க’வில் சொன்னால் சதி. பதற்றத்தில், “எங்கள் சதியில் கற்றது” என்று வாசித்துவிட்டேன்.

“யாரைக் கவுக்கப் போறீங்க மாவ்ஷி?” என்றாள் பின்வரிசைக்காரி. வகுப்பே சிரித்தது.

அந்தச் சிரிப்பில் எந்தக் ‘க’வுக்கு எது பொருள் என்பதே குழம்பிவிட்டது. அடுத்த வரியிலும் அதே சொல். டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது; மூவரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எல்லோர் முன்னாலும் தாளை எழுதித் தந்தவளிடமே நீட்டினேன். “இது எந்தக் ‘க’ம்மா?”

“கணபதி ‘க’க்கா.”

மிச்சத்தை வாசித்தேன். ‘தெரியாததை முன்பே கேட்டிருக்க வேண்டும்’ என்பது கடைசி வரி. அதை மட்டும் தாளைப் பார்க்காமல் சொன்னேன்.