மத்தியானமானால் நெட் படுத்துவிடும்

பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சராகச் சேர்ந்தால் கம்ப்யூட்டர் மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதும் என்று கலைமதி ஒரு காலத்தில் நம்பியிருந்தாள், பாவம். பிரிண்டரில் பேப்பர் சிக்கினால் கலைமதி. பிரேயர் மைக் கரகரத்தால் கலைமதி. தமிழம்மாவின் செல்போனில் எழுத்து திடீரென்று சின்னதாகிவிட்டால் அதற்கும் கலைமதிதான். கரண்டில் ஓடுகிற எதுவாக இருந்தாலும் அவள் தலையில் வந்து விடியும். மன்னார்புரத்தில் பஸ் ஏறி, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி வேறு பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் வந்து சேர்வதற்குள் பாதி உயிர் போய்விடுகிறது. மிச்சம் இருக்கிற பாதியை வைத்துக்கொண்டுதான் அவள் இத்தனையும் பார்த்தாக வேண்டும்.

இந்த வருஷம் ஜூன் மாதத்திலிருந்து புதுசாக ஒரு தலைவலி சேர்ந்துகொண்டது. காலையில் நெட் நன்றாகத்தான் ஓடும். மத்தியானச் சாப்பாடு முடிந்ததோ இல்லையோ, படுத்துவிடும். ஒரு பக்கம் திறக்கச் சொன்னால் சக்கரம் சுற்றும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். நெட் கம்பெனிக்காரனைக் கூப்பிட்டால் அந்த மகராசன் காலை பத்து மணிக்கு வந்து நிற்பான். சோதித்துப் பார்த்து, ஜோராக ஓடுதே மேடம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவான். மத்தியானம் வாப்பா என்று மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள். மூன்று தடவையும் காலையில்தான் வந்தான்.

இதில் மாட்டிக்கொண்டு முழித்தவர் கணக்கு வாத்தியார் ஸ்டீபன்ராஜ். ஐம்பதைத் தாண்டிய மனுஷன், கரும்பலகையில் நின்றால் சிங்கம், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் நடுங்குவார். பரீட்சை மார்க்கையெல்லாம் பள்ளிக்கூடத்தின் வெப்சைட்டில்தான் ஏற்ற வேண்டும் என்பது சட்டம். காலையில் லேபில் பிள்ளைகள் இருப்பதால் வாத்தியார்களுக்கு மத்தியானம்தான் இடம். அவர் ஒரு வகுப்பின் மார்க்கை ஒவ்வொன்றாகத் தட்டிச் சேமிக்கும் பொத்தானை அழுத்துவார். சக்கரம் சுற்றும். கடைசியில் பக்கமே அறுந்துபோய், மறுபடியும் உள்ளே வா என்று கேட்கும். தட்டினது அத்தனையும் போய்விடும். மற்ற வாத்தியார்களுக்கும் இதே கதிதான், ஆனால் அவர்கள் வாய்விட்டுத் திட்டிவிட்டு, பிள்ளைகள் லேபுக்கு வராத ஏதாவது ஒரு காலைப் பொழுதைப் பிடித்து முடித்துவிடுவார்கள். ஸ்டீபன்ராஜுக்குக் காலை பூராவும் பத்தாம் வகுப்பு. தவிர, தப்பு நெட்டில் இருக்கிறது என்றே அவருக்குத் தோன்றவில்லை. தனக்குத்தான் ஏதோ தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து தட்டுவார்.

மார்க் தாமதமானதற்கு அவருக்கு ஒரு மெமோ வந்தது. அடுத்த பரீட்சைக்கு இரண்டாவது. மூன்றாவது வந்தால் அடுத்த வருஷம் வேலை கிடையாது என்பது அந்தப் பள்ளிக்கூடத்தில் எழுதாத சட்டம்.

மெமோ போட்டவர் தாளாளர் சௌரிராஜன். பேங்கில் இருந்து ரிட்டயர் ஆனவர், உத்தர வீதியில் வீடு. கெட்டவர் என்று சொல்ல முடியாது. பீஸ் கட்ட முடியாத பிள்ளைகளை வெளியே அனுப்பியதில்லை. ஆனால் தான் கண்ணால் பார்த்தது பொய்யாகாது என்று நம்புகிறவர். ஸ்டீபன்ராஜுக்காகப் பேசிப் பார்க்கலாம் என்று கலைமதி ஒருநாள் போனபோது அவர் சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டார்.

"நானே பாத்தேன் கலைமதி. தாவாங்கட்டையில கைய வச்சுண்டு கம்ப்யூட்டரையே பாத்துண்டு ஒக்காந்திருக்கார். ஒரு நாள் இல்ல, தெனமும். வேல பண்றவர் அப்படியா ஒக்காருவார்?"

பள்ளிக்கூடம் முழுக்கக் கேமரா இருப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆபீஸ் ரூமில் பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொண்டு அவள் திரும்பி வந்துவிட்டாள்.

பையன்கள் யாரோ திருட்டுத்தனமாகப் படம் இறக்குகிறார்கள் என்பதுதான் அவளுடைய சந்தேகம். நெட் லைன் உள்ளே வருகிற ரௌட்டர் பெட்டி லேபிலேயே ஒரு மூலையில் இருக்கிறது. எந்த எந்திரம் எப்போது எவ்வளவு இறக்கியது, எவ்வளவு அனுப்பியது என்று அது பதிவு செய்யும்படி மாற்றி வைத்தாள். ஒரு வாரம் விட்டுவிட்டு, ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பிள்ளைகள் போன பிறகு உட்கார்ந்து அந்தப் பதிவைத் திறந்தாள். இறக்கியதில் ஒன்றும் இல்லை. படம் இறக்கியதாக அவள் நினைத்த பையன்கள் பாவம், தேர்வு முடிவு பார்த்திருந்தார்கள். அடைப்பு மறுபக்கம் இருந்தது. மத்தியானம் முழுக்க ஒரே ஒரு பெட்டி வெளியே அனுப்பிக்கொண்டே இருந்தது, லைனில் இருந்த மொத்த இடத்தையும் எடுத்துக்கொண்டு.

நெட்டைப் பற்றித் தெரியாதவர்கள் வேகம் என்றால் உள்ளே வருவது என்றுதான் நினைப்பார்கள். ஒரு பக்கம் வேண்டுமென்றால் அந்தக் கேள்வி முதலில் வெளியே போக வேண்டும். வருகிற ஒவ்வொரு துண்டுக்கும் வந்து சேர்ந்தது என்ற பதிலும் வெளியே போக வேண்டும். வெளியே போகிற வழி அடைத்துக்கொண்டால் உள்ளே வருகிறதும் நின்றுவிடும். ஸ்டீபன்ராஜின் மார்க் அத்தனையும் அந்த வாசலில்தான் வரிசையில் நின்றிருக்கிறது.

அனுப்பியது கேமரா பெட்டி. அதன் பாஸ்வேர்டும் அவளிடம்தான் இருந்தது, வேறு யாரிடம் இருக்கும்? உள்ளே போனாள். யார் எப்போது பார்த்தார்கள் என்று அதுவும் தனியாக ஒரு பதிவு வைத்திருந்தது. தினமும் மத்தியானம் வெளியிலிருந்து ஒரே ஆள். பதினாறு கேமராவும் ஒரே நேரத்தில், அத்தனையும் முழுத் தெளிவில். ஆளின் பெயர் இருந்த இடத்தில் தாளாளர் என்று இருந்தது. அந்த வாரத்தில் ஒருநாள் மட்டும் பதிவு காலியாக இருந்தது. அன்றைக்கு அவர் உறவுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு முக்கொம்பு அணையைச் சுற்றிப் பார்க்கப் போயிருந்தார். அன்றைக்கு நெட்டும் நன்றாக ஓடியது, அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

விஷயம் புரிந்ததும் முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஜூனில் வீட்டுக்குப் பெரிய டிவி வாங்கியதையும் அண்ணன் மகன் கேஷவ் வந்து பள்ளிக்கூடத்தையே அதில் காட்டிவிட்டுப் போனதையும் தாளாளரே ஆபீஸில் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். சாப்பிட்டுவிட்டு டிவியைப் போடுகிறார். அவர் போட்டதும் இங்கே நெட் படுக்கிறது. நெட் படுத்ததும் ஸ்டீபன்ராஜ் தாடையில் கையை வைக்கிறார். அதைப் பார்த்துவிட்டுத் தாளாளர் மெமோ எழுதுகிறார். அவர் பார்ப்பதால்தான் இவர் சும்மா உட்கார்ந்திருக்கிறார்!

அடுத்த நிமிஷமே சிரிப்பு போய்விட்டது. இதை அவரிடம் யார் போய்ச் சொல்வது? அவளும் வருஷா வருஷம் மே மாதம் வேலை நீட்டிப்புக்காகக் காத்திருக்கிறவள்தான். வீட்டில் உட்கார்ந்து யார் யாரைப் பார்க்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும் சார் என்று போய் நிற்கவா? தலை வலித்தது, பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. வேலை சரியானால் போதாதா, பேச்சு எதற்கு என்று தோன்றியது. ரௌட்டரில் கேமரா பெட்டிக்கு இவ்வளவுக்கு மேல் அனுப்பாதே என்று ஒரு வரம்பு வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் மத்தியானம் தாளாளர் போன் செய்தார், டிவியில் படம் நின்று நின்று வருகிறது என்று. டிவியில் முழுத் தெளிவு வேண்டாம் சார், சாதாரணமாக மாற்றி வையுங்கள், பதினாறு சின்னக் கட்டத்தில் வித்தியாசமே தெரியாது என்று அவள் வழி சொன்னாள். மாற்றினார். ஆமாம், தெரியவே இல்லையே என்று சந்தோஷமாக வைத்துவிட்டார். அன்றைக்கே நெட் பிய்த்துக்கொண்டு ஓடியது. ஸ்டீபன்ராஜ் மூன்று வகுப்பு மார்க்கையும் ஏற்றிவிட்டு, நம்ப முடியாமல் திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். கலைமதிக்கும் நிம்மதியாக இருந்தது.

வியாழக்கிழமை ஆசிரியர் கூட்டம். தாளாளர் நல்ல குஷியில் இருந்தார். தொடர்ந்து சோம்பலாக இருந்த ஒருவர் இரண்டே மெமோவில் எப்படிச் சுறுசுறுப்பாகிவிட்டார் பாருங்கள், கண்டிப்பு இல்லாமல் காரியம் நடக்காது என்றார். பெயரைச் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியது. ஸ்டீபன்ராஜ் எழுந்து நின்றார். யாரும் அவரை எழுந்திருக்கச் சொல்லவில்லை.

"என் தப்புதான் சார். எனக்குக் கம்ப்யூட்டர் சரியா வராது, கொஞ்சம் மந்தமா இருந்துட்டேன். இனிமே இப்படி நடக்காதுங்க."

பின்வரிசையில் இளம் வாத்தியார்கள் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பை அடக்கினார்கள். கலைமதி அவருக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தாள். அப்போதே எழுந்து சொல்லியிருக்கலாம். இத்தனை பேர் முன்னால் தாளாளரை நிற்க வைத்தால் தன் கதி என்ன ஆகும் என்று யோசித்தாள். யோசித்து முடிப்பதற்குள் கூட்டம் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது.

வெள்ளி போயிற்று, சனி போயிற்று. ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கும்போதும் அந்த மனுஷன் எழுந்து நின்றதுதான் கண்ணில் நின்றது. நெட்டைச் சரிசெய்ததாக நினைத்தோமே, அவரைச் சோம்பேறி என்று நிரூபித்தல்லவா கொடுத்திருக்கிறோம் என்று தன் மேலேயே ஆத்திரமாக வந்தது. திங்கட்கிழமை காலை இரண்டு பதிவையும் அச்செடுத்துக்கொண்டு தாளாளர் ரூமுக்குப் போனாள்.

சௌரிராஜன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். அவள் ஒவ்வொரு நாளாகக் காட்டிச் சொன்னாள், முக்கொம்பு போன நாளையும் சேர்த்து. முடித்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"அப்போ நான் பாக்கறச்சேதான் அவர் சும்மா ஒக்காந்திருந்திருக்கார்."

"ஆமாங்க சார்."

அவர் முகம் சுருங்கிவிட்டது. இரண்டு மெமோவையும் தானே வாபஸ் வாங்கிக்கொள்வதாகவும், நாளைக்கே ஆசிரியர்களைக் கூப்பிட்டு விஷயத்தைத் தானே சொல்லிவிடுவதாகவும் சொன்னார். கோபித்துக்கொள்ளவில்லை. இதற்கா இத்தனை நாள் பயந்தோம் என்று நினைத்துக்கொண்டே கலைமதி வெளியே வந்தாள்.

மத்தியானம் ஸ்டீபன்ராஜ் லேபுக்கு வந்தார். தாளாளர் அவரைக் கூப்பிட்டுப் பேசியிருந்தார். முகம் சலவைச் சட்டை மாதிரி பளிச்சென்று இருந்தது. நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டார். தான் மந்தமில்லை என்று வீட்டுக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டதாகச் சொல்லிச் சிரித்தார். ரொம்ப நன்றி என்று இரண்டு தரம் சொன்னார். அப்புறம் சாதாரணமாகத்தான் கேட்டார், எப்போது கண்டுபிடித்தீர்கள் என்று.

இன்றைக்குத்தான் என்று சொல்லியிருக்கலாம். பொய் சொல்லவும் தெம்பு வேண்டுமே.

"போன செவ்வாய்க்கிழமைங்க சார்."

அவர் தலையாட்டினார். கொஞ்சம் கழித்து ஆட்டுவது நின்றது.

"அப்ப வியாழக்கிழமை நான் எழுந்து நின்னப்ப உங்களுக்குத் தெரியும்."

"தெரியும் சார்."

நன்றி சொன்ன முகம் அப்படியே இருந்தது, சிரிப்பு மட்டும் போய்விட்டது. அவர் எழுந்து நாற்காலியை எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தார்.

"ஒரு கண்ணு காட்டியிருந்தாக்கூட நான் ஒக்காந்திருப்பேனே மேடம்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, அடுத்த வகுப்புக்கு மணி அடிப்பதற்கு முன்னாலேயே கிளம்பிப் போனார்.