ஒன்பதாம் பிரிவும் அப்பாவின் காகிதமும்

தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், எங்கள் கதவில் ஒட்டியிருந்த சிங்கள நோட்டீஸை அப்பாவுக்கு வாசித்துச் சொன்னேன். காணி மீட்புச் சட்டத்தின் மூன்றாம் பிரிவின்படி, ஒட்டிய நாளிலிருந்து முப்பது நாளில் அரச காணியை விட்டு வெளியேற வேண்டும். போகாவிட்டால் நீதவான் நீதிமன்றம். அங்கே ஒன்பதாம் பிரிவின்படி, அரசு எழுதிக் கொடுத்த அனுமதியைத் தவிர வேறெந்த நியாயமும் எடுபடாது என்று பதுளைச் சட்டத்தரணி சொல்லியிருந்ததையும் சொன்னேன்.

"அரசாங்கப் பேப்பர்தானே?" என்று அப்பா தகரப் பெட்டியைத் திறந்து, தன் பிறப்புச் சான்றிதழை எடுத்தார். பிறந்த இடம் இதே தோட்டம்.

"முத்திரையெல்லாம் இருக்கு, பாரு."

"இது செல்லாதுப்பா!" என்று கத்திவிட்டேன்.

நான் சரியாக வாசிக்கவில்லை என்று நினைத்தார் போலிருக்கிறது. தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.