ஜூன் முப்பத்தொன்று

மைசூர் ஹெப்பாளில் எங்கள் கம்பெனி ஒரு மருந்துக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. தொழிற்சாலைகளில் வேலை செய்யும் ஒப்பந்தத் தொழிலாளர்களைப் பதிவு செய்து, கேட் பாஸ் கொடுக்கும் மென்பொருள் ஒன்றை விற்றுக்கொண்டிருந்தோம். அதைச் சோதிப்பது என் வேலை. புதிதாகச் சேரும் தொழிற்சாலை, தன் ஆட்களின் விவரங்களை ஒரே எக்செல் ஷீட்டாக ஏற்றிவிடலாம். விற்கப் போகிறவர்கள் இதைத்தான் முதலில் சொல்வார்கள்.

எக்செல் ஷீட்டுகளை எனக்குத் தெரியும். கொள்ளேகாலில் என் அப்பா நெல் கமிஷன் கடையில் கணக்கு எழுதியவர். கை வலித்தால் ஒரு வரியை விட்டுவிடுவார், அவசரத்தில் ஒருவரை இரண்டு முறை எழுதிவிடுவார். எந்த மனிதனும் அப்படித்தான். அதனால் வேண்டுமென்றே கெட்டுப்போன ஒரு ஷீட்டை நான் தயாரித்தேன். ஒரு வரியில் பெயர் காலி. ஒன்றில் கைபேசி எண்ணுக்குப் பதில் ‘இல்லை’ என்ற சொல். ஒன்றில் நாட்காட்டியிலேயே இல்லாத தேதி. ஒரே பணியாளர் எண் இரண்டு பேருக்கு. ஏற்கெனவே பதிவான எண் மறுபடியும்.

ஏற்றினேன். பாதி வழியில் நின்றது. ‘பிழை ஏற்பட்டது’ என்று மட்டும் திரையில் வந்தது. எந்த வரி, என்ன பிழை, ஒன்றும் இல்லை. ஆனால் அதற்கு முந்தைய வரிகள் உள்ளே போய்விட்டிருந்தன. ஷீட்டைச் சரிசெய்து மறுபடி ஏற்றினால், உள்ளே போனவர்கள் எல்லாம் இரண்டாம் முறை பதிவானார்கள்.

ஒவ்வொரு பிழையையும் தனித்தனியாக எழுதிப் பதிவு செய்தேன். எங்கள் டீம் லீடு, ரயில்வே வேலைக்காக இரண்டு தலைமுறைக்கு முன் மைசூர் வந்த தமிழ்க் குடும்பத்துக்காரர்; கன்னடம் கலந்த தமிழ்தான் பேசுவார். எல்லோரும் இருந்த கூட்டத்தில் என் ஷீட்டைப் பெரிய திரையில் போட்டார்.

“யாருமா இப்படி ஷீட் கொடுப்பாங்க? ஓதினவங்க, படிச்சவங்க கொடுப்பாங்களா? ஓ, உங்க ஊர்ல கொடுப்பாங்களோ?”

சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சிரிக்காமல் அந்த நாற்காலியில் உட்கார முடியாது.

“பிடு, விட்டுடு. ரியலிஸ்டிக் இல்ல,” என்று சொல்லி, நான் பதிவு செய்த பிழைகள் எல்லாவற்றையும் மூடிவிட்டார்.

அடுத்த வாரம் நஞ்சன்கூட்டிலிருந்து ஒரு தொழிற்சாலையின் பணியாளர் அதிகாரி வந்தார். தங்கள் சொந்த ஷீட்டையே கொண்டுவந்திருந்தார். லீடு அதை ஏற்றிக் காட்டினார். பாதியில் நின்றது. ‘பிழை ஏற்பட்டது.’ அதிகாரி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். லீடு என் பக்கம் திரும்பினார்.

“டெஸ்டிங் சரியா ஆகல சார். இவங்கதான் பார்த்தாங்க.”

நான் எழுதி அனுப்பியதும் அவர் மூடியதும் அவர் முன்னால் இருந்த அதே கணினியில்தான் இருந்தன. “சரி பண்றேன் சார்,” என்றேன். என் சம்பளத்தில் நடந்த தம்பியின் கல்லூரிப் படிப்பு அப்போது முடிந்திருக்கவில்லை.

ஆனால் அதற்குப் பிறகு நான் கேட்டதெல்லாம் கிடைத்தது. சரியான வரிகள் உள்ளே போகும், தவறானவை மட்டும் வெளியே நிற்கும். கடைசியில் ஒரு அறிக்கை வரும்: ஷீட்டில் எத்தனையாவது வரி, யாருடைய பெயர், எந்தக் கட்டம், அதில் என்ன எழுதியிருந்தது, ஏன் ஏற்கவில்லை. தலைப்பு வரியையும் சேர்த்து எண்ண வேண்டும் என்று சண்டை போட்டேன். இல்லையென்றால் எக்செல்லில் தேடுபவர் ஒரு வரி தள்ளிப் பார்ப்பார். ஒரே எண் இரண்டு பேருக்கு இருந்தால் முதலாவதை எடுத்துக்கொண்டு இரண்டாவதைத் தள்ளலாம் என்றார்கள். யார் சரியென்று நமக்குத் தெரியாதே, இரண்டையும் நிறுத்தி, இரண்டு வரி எண்களையும் காட்ட வேண்டும் என்றேன். அந்த அறிக்கையிலேயே திருத்தி, அதை மட்டும் திரும்ப ஏற்றலாம். ஏற்கெனவே போனவர்களுக்கு ஒன்றும் ஆகாது. திரும்பத் திரும்பச் சோதித்தேன். பிசகவில்லை. அதில் எனக்கு ஒரு கர்வம் கூட இருந்தது.

நஞ்சன்கூட்டில் அதைத் தொடங்கிவைக்க என்னைத்தான் அனுப்பினார்கள். காலை பஸ்ஸில் போய் இறங்கியபோது தொழிற்சாலை கேட்டில் முதல் ஷிஃப்ட் உள்ளே போகக் காத்து நின்றது. அன்றிலிருந்து பழைய அட்டை செல்லாது. அதிகாரி தன் அறையில் ஷீட்டை ஏற்றினார். பெரும்பாலானவர்கள் உள்ளே போனார்கள். மீதிப் பேருக்கு அறிக்கை வந்தது. தெளிவாக, வரி வரியாக.

அவர் அதைப் படித்தார். முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. பிரிண்ட் எடுத்தார்.

“சார், இதுலயே திருத்திட்டு மறுபடி ஏத்தினாப் போதும்,” என்று கன்னடத்தில் சொன்னேன்.

“அவசரமில்லம்மா,” என்றார் அவரும் கன்னடத்தில். தாளை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு நடந்தார். நான் பின்னால் போனேன்.

செக்யூரிட்டியிடம் தாளைக் கொடுத்தார். “இதுல பேர் இருக்கறவங்களை உள்ள விடாதே. கம்ப்யூட்டர் ரிஜெக்ட் பண்ணிடுச்சு.”

அந்தச் சொல் அறிக்கையின் கடைசிக் கட்டத்தில் இருந்தது. ‘ரிஜெக்டட்.’ ஒவ்வொரு வரிக்கும், சிவப்பில். வரியைத்தான் அது சொன்னது, ஆளை அல்ல.

வெளியே நிறுத்தப்பட்டவர்களில் இரண்டு ஆண்கள் முன்னால் நின்றார்கள். இருவருக்கும் பணியாளர் எண் நானூற்றுப் பதினேழு. ஒருவருடைய ஒப்பந்ததாரர் எண்ணுக்கு முன்னால் ஒரு பூஜ்யம் போடுவார், மற்றவருடையவர் போடமாட்டார். இரண்டு பட்டியலையும் ஒரே ஷீட்டில் சேர்த்தபோது எக்செல் அதை வெறும் எண்ணாக எடுத்துக்கொண்டு பூஜ்யத்தை விழுங்கிவிட்டது. நான் இதை அதிகாரியிடம் விளக்கினேன். அவர் தலையாட்டிக் கேட்டார். பிறகு அவர்களைப் பார்த்துக் கேட்டார்:

“யாரு நானூத்திப் பதினேழு? கை தூக்கு.”

இருவரும் தூக்கினார்கள்.

“ஒரு நம்பருக்கு ஒரு ஆள்தான். நீங்களே பேசி முடிவு பண்ணிட்டு வாங்க.”

கேட்டுக்கு உள்ளே நாற்காலி போடச் சொல்லி, டீ வரவழைத்து உட்கார்ந்தார். முதலில் அவர்கள் மெதுவாகத்தான் பேசினார்கள். உனக்கு எப்போது கொடுத்தார்கள், எனக்கு எப்போது கொடுத்தார்கள் என்று. அப்புறம் குரல் ஏறியது. ஒருவர் மற்றவரைத் திருடன் என்றார். சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். பொத்தான் ஒன்று தெறித்து விழுந்தது. அதிகாரி டீயைக் குடித்து முடித்தார்.

“கேட்ல கலாட்டா பண்ணவங்களை நாங்க எடுக்கறதில்ல,” என்று செக்யூரிட்டியிடம் சொன்னார். “ரெண்டு பேரையும் அனுப்பு.”

இதெல்லாம் முடிகிறவரை ஒரு பெண்மணி மதில் ஓரமாக நின்றிருந்தார். ஐம்பது வயது இருக்கும், பேக்கிங் பிரிவு. இடையில் வீட்டுக்கு நான் தமிழில் போன் பேசியதைக் கேட்டிருப்பார் போலும். பக்கத்தில் வந்தார். பேச்சிலேயே எங்கள் கொள்ளேகாலை அடுத்த ஹனூர்ப் பக்கம் என்று தெரிந்தது.

“அம்மிணி, எம் பேருல என்ன தப்புன்னு பாத்துச் சொல்லுங். பழைய அட்டை இருக்குதுங்களே.”

பார்த்தேன். பிறந்த தேதி ஜூன் முப்பத்தொன்று. அப்படி ஒரு நாள் இல்லாததால் நிறுத்தியிருந்தது.

“தேதி தப்புங்க. யார் எழுதுனாங்க?”

“எங்க காண்ட்ராக்டர் ஆபீஸ்ல. எப்பப் பொறந்தேன்னு கேட்டாங்க. ஆனி முப்பத்தொண்ணுன்னேன். எங்கம்மா அப்படித்தான் சொல்லும். ஆனியில முப்பத்தொண்ணு உண்டுங்களே?”

உண்டு. எழுதியவர் ஆனியை ஜூன் என்று போட்டு, நாள் எண்ணை அப்படியே விட்டிருக்கிறார். ஆதார் அட்டையை வாங்கிப் பார்த்தேன். ஜூலை பதினைந்து என்று ஒழுங்காக இருந்தது.

அங்கேயே ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தேன். அறிக்கையில் அவருடைய தேதியைத் திருத்தினேன். செய்தி பரவி, மதிலோரம் நின்ற மற்றவர்களும் வந்தார்கள். விட்டுப்போன பெயர், விட்டுப்போன எண் எல்லாவற்றையும் அவர்கள் அட்டைகளைப் பார்த்து நிரப்பினேன். விரட்டப்பட்டும் போகாமல் நின்ற அந்த இரண்டு பேரில் ஒருவருக்குப் பூஜ்யத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அந்தக் கட்டத்தை எண்ணாக இல்லாமல் எழுத்தாக மாற்றினால் போதும், பூஜ்யம் நிற்கும். எல்லாம் சரியாக இருந்தது. அதிகாரிக்கு அனுப்பிவிட்டு அவர் அறைக்குப் போனேன்.

“ஏத்துங்க சார், ஒரு நிமிஷம்தான்.”

அவர் கோபப்படவில்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

“போன மாசமே ஆளைக் குறைக்கச் சொல்லி மேலேருந்து வந்துடுச்சு. யாரை அனுப்பறதுன்னு எனக்குத் தூக்கமில்ல. எவனை அனுப்பினாலும் எவனாவது கொடி பிடிப்பான். இப்ப நான் யாரையும் அனுப்பல பாரு. கம்ப்யூட்டர் அனுப்பிடுச்சு.” பிறகு சிரித்தார். “ஜூன் முப்பத்தொண்ணுல பொறந்தவங்களுக்கு நான் எங்கேம்மா வேலை கொடுக்கறது?”

ஏற்றும் பொத்தான் அவருடைய கணக்கில்தான் இருந்தது. என்னிடம் இல்லை. லீடுக்குப் போன் செய்தேன்.

“இம்போர்ட் ஆயித்தா?” என்றார்.

“ஆச்சு. ஆனா...”

“எரர் ரிப்போர்ட் கரெக்டா வந்துதா?”

“கரெக்ட்தான். ஆனா அதை வச்சு ஆளுங்களை...”

“அது அவங்க ஹெச்.ஆர். விஷயம்மா. நமக்கு யாக்கே அந்த வம்பு? பஸ் பிடிச்சு வா.”

கேட்டைத் தாண்டும்போது அந்தப் பெண்மணி என் கைபேசி எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டார். “சரி பண்ணிட்டீங்கல்லங், உள்ள எப்பங் விடுவாங்க?” என்றார். நாளைக்குப் பார்க்கலாம் என்றேன். விடமாட்டார்கள் என்று அப்போதே எனக்குத் தெரியும்.

அதிகாரியிடமிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. மிகத் தெளிவான பிழை அறிக்கை, எங்கள் வேலையை எளிதாக்கியது என்று எழுதியிருந்தார். லீடு அதைப் பெரிய திரையில் போட்டு கேக் வெட்டினார். முதல் துண்டை எனக்குக் கொடுத்து, “இவங்கதான் இதுக்கு ஃபைட் பண்ணாங்க,” என்றார். அந்தக் கூட்டத்தில் அவர் சொன்ன ஒரே உண்மை அதுதான். எல்லோரும் கைதட்டினார்கள். கேக்கைத் தின்றேன்.

என்னால் முடிந்தது ஒன்றே ஒன்று. ‘ரிஜெக்டட்’ என்பதை ‘திருத்த வேண்டும்’ என்ற பொருள்படும் சொல்லாக மாற்றச் சொல்லிக் கேட்டேன். சின்ன மாற்றம் என்பதால் யாரும் மறுக்கவில்லை. இரண்டு வாரத்தில் அதே தொழிற்சாலையிலிருந்து ஒரு கோரிக்கை வந்தது: பழைய சொல்லே வேண்டும், புதுச் சொல் கேட்டில் குழப்பம் உண்டாக்குகிறது, ஆட்கள் வாதாடுகிறார்கள். மாற்றிக் கொடுத்தார்கள். சரியாக மாறியிருக்கிறதா என்று சோதிக்கும் வேலை என்னிடம் வந்தது. மாறியிருந்தது. ‘தேறியது’ என்று பதிவு செய்தேன்.

அந்தப் பெண்மணி சில நாட்கள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். “ஏனுங் அம்மிணி, தேதி மாறிடுச்சுங்களா?” என்பார். ஒரு நாள் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். தேதியில் ஒன்றும் இல்லை, ஆளைக் குறைக்கத்தான் இப்படிச் செய்தார்கள், காண்ட்ராக்டரோடு போய் லேபர் ஆபீஸில் எழுதிக் கொடுங்கள் என்று.



“காண்ட்ராக்டர் வேற ஆளை அனுப்பிட்டாருங்,” என்றார். பிறகு, “அப்ப தேதியைத் திருத்துனது சும்மாதானுங்களா?”

“ஆமாங்க.”

“அத அன்னைக்கே சொல்லியிருக்கலாமுல்லங். தெனமும் காலையில கேட்டுல போயி நின்னேனே.”

போனை வைத்துவிட்டார்.