கோஷத்தில் கட்டாத தொண்டை

என் வீட்டுக்காரருக்கு ஊர்வலம் போய் வந்தால் தொண்டை கட்டும். அது எனக்குப் பழக்கம். விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் கோஷம் எடுத்துக் கொடுக்கிறவர் அவர்தான். அவர் குரல் வாய்க்காலைத் தாண்டி அடுத்த ஊருக்குக் கேட்கும் என்பார்கள். எனக்கும் அதில் பெருமைதான், சொல்லிக்கொள்ள என்ன வெட்கம்.

அறுப்புக் கூலியில் அரை மரக்கால் நெல் கூடக் கேட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த வருஷம் அது. முதல் நாள் திருவாரூரில் ஊர்வலம். மறுநாள் மத்தியானம் தாலுகா ஆபீஸில் மிராசுதாரோடு பேச்சுவார்த்தை. பேச்சுவார்த்தை அன்றைக்கு விடியும்போது எங்கள் மாட்டுக் கொட்டகை பற்றிக்கொண்டது. யார் வைத்த நெருப்போ, அடுப்புப் பொறியோ, எனக்குத் தெரியாது. தெரியாததை நான் சொல்வதில்லை.

கொட்டகைக்குள் பரண் நிறைய வைக்கோல். பசு உள்ளே கட்டிக்கிடந்தது. இவர் குனிந்து உள்ளே போய்விட்டார். முடிச்சு இறுகிக் கிடந்தது. உள்ளேயிருந்து, "அருவாளைக் கொண்டா!" என்று ஒரு சத்தம், கணீரென்று. கொடுத்தேன். ஒரே புகை, ஆள் தெரியவில்லை. பசு முதலில் வந்தது, பின்னால் இவர் இருமிக்கொண்டு வந்தார். புருவம் பொசுங்கியிருந்தது, மூக்கு ஓரமெல்லாம் கரி. உடம்பில் ஒரு கொப்புளம் கூட இல்லை. குளித்தார், கஞ்சி குடித்தார், பசுவைத் திட்டினார். எல்லாம் நல்ல குரலில்தான்.

வெயில் ஏற ஏறக் குரல் இறங்கியது. தாலுகா ஆபீஸ் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது குரலுக்குப் பதில் காற்றுதான் வந்தது. சங்கத்து ஆட்களுக்குச் சிரிப்பு.

"என்ன தோழரே, தாசில்தார் காதுல ரகசியம் சொல்லப் போறீங்களா?"

"நேத்து போட்ட கோஷத்துக்கு இது கூட இல்லன்னா எப்படி! அண்ணி, பனங்கற்கண்டு எடுத்தாந்தீங்களா?"

மிளகும் பனங்கற்கண்டும் தட்டி நானே மடியில் வைத்திருந்தேன். கொடுத்தேன். அவரால் விழுங்க முடியவில்லை. எச்சில் கடைவாயில் வழிந்தது. துப்பினார், கறுப்பாக இருந்தது. மூச்சு இழுக்கும்போது, காற்று வாங்கின பம்பு போல உள்ளே ஒரு சத்தம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கோஷத்தில் கட்டுகிற தொண்டை அவருக்கு விடியும்போதே கட்டியிருக்கும், வெந்நீர் குடித்தால் தெளியும். இன்றைக்கு விடியும்போது அந்தக் குரல் கணீரென்று இருந்தது. நெருப்புக்குப் பிறகு போன குரல் இது.

"ஏங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

மாட்டேன் என்று தலையை ஆட்டினார். உள்ளே கூப்பிடப் போகிறார்கள் என்று கையால் காட்டினார். சங்கத்துக்காரர் ஒருவரும், "அண்ணி, இவர் எந்திரிச்சுப் போனா பயந்து ஓடிட்டான்னு சொல்லுவாங்க. பேசி முடிச்சதும் போகலாம்" என்றார்.

வாசலில் இருந்த ஒரே வண்டி மிராசுதார் கார். அவர் வீட்டுக் களத்தில் நான் குனிந்து நெல் அள்ளியிருக்கிறேன், வாய் திறந்து ஒன்று கேட்டதில்லை. கேட்கக் கூடாது என்று வைராக்கியம். உள்ளே போனேன். நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் முன்னால் நின்றேன்.

"காரைக் குடுங்க. இவரை ஆஸ்பத்திரியில விடணும்."

"பேச்சுக்கு நேரமாச்சுன்னதும் நோவு வந்துடுச்சாக்கும்?"

"வாசலுக்கு வந்து அந்த மூச்சைக் கேளுங்க. கேட்டுட்டு நாடகம்னா நாங்க நடந்தே போயிக்கிறோம்."

எழுந்து வந்தார். கேட்டார். டிரைவரைப் பார்த்துக் கையசைத்தார்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா. மூக்குக்குள்ளும் வாய்க்குள்ளும் விளக்கடித்துப் பார்த்தார். படுக்கப் போனவரை, "படுக்காதீங்க, உட்கார்ந்தே இருங்க" என்று நிமிர்த்தி ஆக்சிஜன் வைத்தார்கள்.

"நெருப்புல எப்ப மாட்டினாரு?"

"விடியும்போதும்மா. காயம் ஒண்ணும் இல்ல."

"காயம் உள்ள இருக்கு. சூடும் புகையும் தொண்டைய வேக வெச்சிருக்கு. வீக்கம் உடனே தெரியாது, பல மணி நேரம் கழிச்சுத்தான் ஏறும். முழுசா அடைச்சா குழாய் விடவும் இடம் இருக்காது. இப்பவே தஞ்சாவூர் போகணும்."

ஆஸ்பத்திரி வேனில் சிலிண்டரோடு அந்த டாக்டரம்மாவும் ஏறிக்கொண்டார். வழியெல்லாம் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்தேன். நீடாமங்கலம் ரயில் கேட் மூடியிருந்தது. சத்தம் மெலிந்தது. மெலிந்தது நல்லதுக்கு என்று நினைத்தேன். அந்த அம்மா முகத்தைப் பார்த்ததும் அப்படி இல்லை என்று தெரிந்தது. கேட்டைத் திறக்கச் சொல்லி நான் போட்ட கூச்சல் எனக்கே புதுசு.

தஞ்சாவூரில் இறங்கினதும் உள்ளே கொண்டுபோனார்கள். கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்த பிறகுதான் நெஞ்சு ஏறி இறங்கியது.

மறுநாள் கண்ணைத் திறந்தார். பேச்சு வராது. குழாய் வழியே மூச்சு மட்டும் போய் வந்தது. ஒரு கையை மரக்கால் போலக் குவித்து, அதன் பாதியில் மறு கை விரலை வைத்துக் காட்டி, என் முகத்தைப் பார்த்தார்.

அரை மரக்கால் கிடைத்ததா என்று கேட்கிறார். எனக்கு எப்படித் தெரியும்?

"அதுக்கு ஆளு இருக்கு. நீங்க முதல்ல மூச்ச விடுங்க" என்றேன்.

குவித்த கையை அவர் இறக்கவே இல்லை. நான்தான் பிடித்து இறக்கினேன்.