ஒப்புதலுக்குப் போன நன்றி

பயம் எனக்குப் புதிதல்ல. ஒப்பந்த வேலையில் இருக்கிறவளுக்குப் பயம் சம்பளத்தோடு சேர்ந்தே வரும். ஆனால் அன்று மத்தியானம் பட்ட பயம் வேறு ரகம்.

திருப்பதியிலிருந்து கம்பெனி பஸ்ஸில், நாராயணவனம் தாண்டி, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய தொழிற்பேட்டைக்குத் தினமும் போய் வந்துகொண்டிருந்தேன். கார்களுக்கு ஒயரிங் செய்யும் தொழிற்சாலை. லைனில் உட்கார்ந்து வேலை செய்பவர்களில் முக்கால்வாசிப் பேர் சுற்றுவட்டார கிராமத்துப் பெண்கள். என் வேலை, கம்பெனியின் முகநூல் பக்கத்தைப் பார்த்துக்கொள்வது. ஆயுத பூஜைக்குக் கோலம், பாதுகாப்பு வாரத்துக்கு உறுதிமொழி என்று படம் போட்டு, அதற்குக் கீழே நாலு வரி எழுதுவேன். நாலு வரிக்கு ஒரு ஆளா என்று ஸ்டோரில் இருப்பவர்கள் கேலி செய்வார்கள். எழுதிப் பார்த்தால் தெரியும்.

அன்று காலையில் சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து பர்சனல் மேனேஜர் போன் செய்தார். வந்து சில மாதங்களே ஆன ஆள்.

"பிளாண்ட் ஹெட் மாறுறார். இந்த மாசக் கடைசியில ரிலீவ் ஆகுறார். புனேல இருந்து ஒரு மேடம் வர்றாங்க. டீசன்ட்டா ஒரு கேப்ஷன் எழுதிடுங்க. அவருக்கு தேங்க்ஸ், இவங்களுக்கு வெல்கம். ரீசன் எதுவும் வேணாம். சிஸ்டத்துல போட்டுடுங்க, நாளைக்குப் போகணும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தொழிற்சாலையையே நடத்திவந்த அவர் போவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் கேட்கவில்லை. இப்படிப்பட்ட செய்தி முதலில் போகிறவருக்குச் சொல்லப்படும், அப்புறம் உள்ளே இருப்பவர்களுக்கு, கடைசியில்தான் ஊருக்கு. என்னிடம் வந்துவிட்டது என்றால் மேலே எல்லாம் முடிந்திருக்கும் என்றுதானே யாரும் நினைப்பார்கள்.

உட்கார்ந்து எழுதினேன். 'புதிய விடியல்', 'புதிய பாதை' என்றெல்லாம் போடக்கூடாது. அப்படிப் போட்டால் இதுவரை இருட்டில் கிடந்தோம் என்று ஆகிவிடும். வெறுமனே 'அரும்பணி' என்றும் போடக்கூடாது. அது யாருக்கும் பொருந்தும், அதனால் யாருக்கும் சேராது. அவர் செய்ததைச் சொல்லித்தான் நன்றி சொல்ல வேண்டும். இரண்டாவது ஷிப்டைத் தொடங்கியது, பெண்களுக்கான பஸ்ஸைப் பிச்சாட்டூர் வரை ஓடவைத்தது, இரண்டையும் எழுதினேன். பிறகு அவர் விடைபெறும் செய்தி. அதற்குப் பிறகு புது மேடத்தின் பெயர், பதவி, வரவேற்பு. மேனேஜருக்கு அனுப்பிக் காட்டியதும் அவர் ஒரு வரியைச் சேர்க்கச் சொன்னார்: 'இனி குடும்பத்தினருடன் நேரம் செலவிட விரும்புகிறார்.' சேர்த்தேன். சிஸ்டத்தில் ஏற்றினேன். பிளாண்ட் ஹெட்டின் நல்ல போட்டோ ஒன்று வேண்டும் என்று அவர் அறைக்கே போனேன்.

"வாம்மா, உக்காரு," என்றார். சித்தூர்ப் பக்கத்துத் தமிழர். மீட்டிங்கில் ஆங்கிலம், ஆபீசில் தெலுங்கு, லைனில் தமிழ். "நல்ல வேளை வந்த. அடுத்த வருசம் ஒரு லைன் சேக்கலாம்னு கேட்டுக்கினு கீறேன். ஆனா அதுக்கு ஆளுங்க வேணும். ராமகுப்பம் வரைக்கும் போயி ஆள் எடுக்கறதுக்கு நீ ஒரு நோட்டீஸ் மாதிரி எழுதித் தரணும்."

அடுத்த வருசம்.

இந்த மனுஷனுக்குத் தெரியாது. யாருமே சொல்லவில்லை. அடுத்த நொடி அதைவிடப் பெரிதாக ஒன்று உறைத்தது. எங்கள் தொழிற்சாலையிலிருந்து என்ன பதிவு போனாலும் பிளாண்ட் ஹெட் பார்த்து ஒப்புதல் கொடுத்தால்தான் வெளியே போகும். ஒருமுறை யாரோ தலைக்கவசம் இல்லாத படத்தைப் போட்டுப் பெரிய வம்பாகி, அவரே வைத்த விதி. நான் ஏற்றும் ஒவ்வொரு பதிவையும் சிஸ்டம் நேராக அவருக்குத்தான் அனுப்பும். புது மேனேஜருக்கு அது தெரியாது. நான் வழக்கம்போல் பொத்தானை அழுத்திவிட்டு வந்திருக்கிறேன். அவருக்கான நன்றி அவர் எதிரில் இருக்கும் கம்ப்யூட்டரில் ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது.

மேஜைக்கடியில் போனை எடுத்துத் திரும்பப் பெற முடியுமா என்று பார்த்தேன். அனுப்பியவரால் தொடமுடியாது. பார்ப்பவரால்தான் திருப்பி அனுப்ப முடியும். இவர் இதை என் எழுத்தில்தான் படிக்கப்போகிறார். மேனேஜருக்குப் போன் செய்யலாம் என்று எழுந்தேன்.

"இரும்மா, ஒண்ணு வந்து கீது போல. உன்னுதுதான். பாத்துட்டே அனுப்பிடறேன்," என்றார்.

"சார், அது அப்புறம் பாக்கலாம் சார்."

"அப்புறம் எதுக்கு, நீயே எதிர்ல இருக்கியே."

படித்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மேஜை ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவர் மேலே போய்த் திரும்ப முதலிலிருந்து படித்தார்.

"நீ எழுதினதா?"

"ஆமா சார். உங்களுக்குத் தெரியும்னு நெனச்சிக்கினேன். சத்தியமா சார்."

தலையை ஆட்டினார். எனக்கா, தனக்கா என்று தெரியவில்லை.

"மாசக் கடைசியா?" என்று கேட்டார். தன் கடைசி நாளை என்னிடம் கேட்கிறார். தலையாட்டினேன்.

பிறகு நோட்டீஸ் திருத்துகிற குரலிலேயே பேசினார். "அந்தம்மாவப் பத்தி ஒரே வரிதான் கீது. புனேல என்ன பண்ணாங்க, எத்த நடத்தினாங்க, அதப் போடு. இல்லாட்டி என் எடத்துக்கு வந்தவங்கன்னுதான் லைன்ல சொல்லுவாங்க. பாவம், அவங்க என்னா பண்ணுவாங்க."

"சரி சார்."

"பஸ்ஸு நான் வுட்டது இல்ல. அந்தப் பொண்ணுங்க நின்னு கேட்டாங்க, வுட்டோம். அப்பிடி மாத்து."

"சரி சார்."

"இந்தக் குடும்பத்தோட நேரம்ங்கறத எடுத்துடு." அங்கேதான் அவர் குரல் உடைந்தது. "வீட்ல இன்னும் சொல்லலம்மா. எனக்கே இப்பதான தெரியும். ஒரு நாள் தள்ளிப் போட முடியுமா? சாயந்திரம் போய் அவங்களுக்கு நான் சொல்லணும். பேஸ்புக்ல பாக்கக் கூடாது."

எத்தனையோ பேருக்கு லீவு கொடுத்த மனுஷன், என்னிடம் ஒரு நாள் கேட்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பதிவை எனக்குத் திருப்பி அனுப்ப, அங்கேயே உட்கார்ந்து, சொன்னபடி எல்லாம் மாற்றினேன். நாளைக்கு என்று இருந்ததை நாளை மறுநாளைக்கு என்று மாற்றினேன். அவர் இன்னொரு முறை படித்தார், ஒரு கமாவைச் சரி செய்தார், ஒப்புதல் கொடுத்தார்.

வராந்தாவுக்கு வந்தேன். போன் அடித்தது. மேனேஜர்.

"நாளைக்கு மத்தியானம் டைரக்டர் அங்க வர்றார், பிளாண்ட் ஹெட் கிட்டப் பக்குவமாச் சொல்லத்தான். அதுவரைக்கும் யாருக்கும் மூச்சு விடாதீங்க. கேப்ஷன் என்னாச்சு?"

ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. நாளைக்கு யார் தலை உருளும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அந்த வருஷங்களில் நான் பொய் கலக்காமல் சொன்ன ஒரே பதில் அதுதான் என்று நினைக்கிறேன்.

"அப்ரூவ் ஆயிடுச்சு சார்."

"அதுக்குள்ளயா? யார் பண்ணது?"

"அவர்தான் சார். எப்பவும் அவர்தானே பண்ணுவார்."