நேசபாயின் வாயோரக் கறுப்பு

என் அம்மா நேசபாய் கருங்கல் ஊர்ச் சந்தையில் கருப்பட்டி விற்றாள். நான் தவழும் வயதில் அப்பா பனையிலிருந்து விழுந்து இறந்தார். அதன்பின் அம்மா பக்கத்துப் பனைவிளைகளில் பனையேறுகிறவர்களிடம் அக்கானி என்னும் பதநீரை வாங்கி, பாகு பதம் வரும்வரை காய்ச்சி, சிரட்டைகளில் ஊற்றிக் கருப்பட்டி ஆக்கினாள். அதில்தான் நாங்கள் மூவரும் படித்தோம். அண்ணன் ராஜையன் குளச்சலில் ஒரு வியாபாரியிடம் கணக்கு எழுதுகிறான். அக்கா லீலாபாய் மிஷன் பள்ளியில் சின்ன வகுப்புக்கு டீச்சர். நான் சென்னையில் படங்களை அச்சிட பிளாக் செய்யும் தொழில் படித்து, அங்கேயே ஓர் அச்சகத்தில் போட்டோ நெகட்டிவ்களைத் திருத்துகிறேன்.

அம்மா மாநிறம். வாயைச் சுற்றியும் விரல் முட்டிகளிலும் மட்டும் கறுப்பு கூடுதல். பிறவியிலேயே அப்படி. ஊரார் அடுப்பு ஊதி ஊதி வந்தது என்றார்கள். கரிவாயி என்று பேர் வைத்தார்கள். சந்தையில் அடுத்த கடை போட்ட பூங்கனிதான் ஆரம்பித்தது. "ஏட்டி நேசபாயி, பானைய நக்கிட்டா வந்த? வாயி கரியா இருக்கே." எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து எலுமிச்சைத் தோலால் வாயோரம் தேய்த்தாள். தோல் எரிந்து இன்னும் கறுத்தது. அதன்பின் கருப்பட்டி வாங்க வந்தவர்கள் முகத்துக்கு நேரே, "கரிவாயிக்க சரக்கு உண்டா?" என்று கேட்டார்கள். நல்ல சரக்குக்கு அதுதான் அடையாளப் பேர் ஆயிற்று. இதை என்னிடம் பெருமையாகச் சொன்னவர்கள்கூட உண்டு.

சந்தை இல்லாத நாட்களில் அம்மா பிடியரிசி சேர்த்தாள். எங்கள் சபையில் ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை ஒரு கலயத்தில் ஒதுக்கி வைப்பார்கள். அதை வீடு வீடாகப் போய் வாங்கி வந்து சபைக் கோயிலில் சேர்க்க வேண்டும். பல வருடம் அதை அம்மா செய்தாள். அதனால் முப்பத்தாறாம் வருடம் மாசி மாதம் அவள் காய்ச்சலில் இறந்தபோது, சபைக் கூடத்தில் அவள் படத்தை மாட்டுவதென்று பெண்கள் சங்கம் முடிவு செய்தது. அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் படம் திறப்பு.

நான் வந்து சேருவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. வீட்டில் அண்ணன் சட்டம் போட்ட படம் ஒன்றைக் காட்டினான்.

"இது ஆரு?" என்றேன்.

"அம்மை. கண்ணு தெரியலியா ஒனக்கு?"

அம்மாவின் சேலை, காதில் அம்மாவின் பாம்படம். மடியில் வேதாகமம். அதன்மேல் இரண்டு கைகள். ஆனால் முகம் சுண்ணாம்பு பூசிய சுவர். வாயைச் சுற்றியிருந்த இடம் கன்னத்தைவிட வெளுப்பு. பச்சரிசி மாவைத் தின்றுவிட்டுத் துடைக்காமல் உட்கார்ந்தவள் மாதிரி. விரல்களில் முட்டியும் இல்லை, மடிப்பும் இல்லை. அவித்துத் தோலுரித்த கிழங்குகள்.

"இதையா மாட்டப் போற?"

"என்ன கொறச்சல்? வெளுப்பா, லெச்சணமா இருக்கு. செத்த பொறவாவது அந்தப் பேரு போகட்டும்லே."

"பேரு வச்சவங்க எல்லாம் சொகமா இருக்காங்க. மூஞ்சியத் தொலைச்சது அம்மை மட்டும்."

"சென்னையில இருந்து வந்து எனக்குப் படிப்பிக்காத" என்று சொல்லிவிட்டு அவன் வெளியே போனான்.

அக்காதான் நடந்ததைச் சொன்னாள். போன வருடம் அண்ணன் அம்மாவை நாகர்கோவிலுக்கு அழைத்துப்போய்ப் படம் எடுத்திருக்கிறான். முதலில் போட்டுக் கொடுத்த படத்தில் வாயோரம் அட்டைக் கறுப்பாக இருந்திருக்கிறது. அம்மா பார்த்துவிட்டு, "எனக்குத் தாடி இருக்கா பிள்ளே?" என்று கேட்டிருக்கிறாள். அண்ணன் அதைத் திருப்பிக் கொடுத்து வெளுக்கச் சொன்னான். இரண்டாவது படம் வந்தது. அம்மா அதை வாங்கிப் பார்த்து, "இந்தப் பொம்பிள நல்லாத்தான் இருக்கா. எந்த வீட்டுக்காரி?" என்றாளாம். பெட்டியின் அடியில் போட்டு வைத்துவிட்டாள்.

"எனக்கு எழுதியிருக்கலாமே."

"எழுதாதேன்னு சொன்னா. நீ அங்கேருந்து சண்டைக்கு வருவியாம்."

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் நாகர்கோவிலுக்குப் போனேன். ஸ்டுடியோக்காரர் பெயர் நாராயணபெருமாள். அம்மாவின் படத்தை மேசைமேல் வைத்தேன்.

"நல்ல வேலையாக்கும்" என்றார்.

"கறுப்பு எங்க போச்சு?"

"எடுத்தாச்சு. அதுக்குத்தானே கேட்டாங்க. தம்பி, இங்க வாற ஒரு ஆளும் என்னைக் கறுப்பாக்குன்னு சொன்னதில்லை."

"கன்னத்தைவிட வாயோரம் வெளுத்திருக்கு. பிரிண்ட் போட்டுப் பாத்துப் பாத்து வரைஞ்சீங்களா, இல்லை பிளேட்டை மட்டும் பாத்து அப்பினீங்களா?"

அவர் மேசைமேல் இருந்த படத்தைக் கவிழ்த்து வைத்தார். பிளேட்டை மட்டும் பார்த்து அப்பியிருக்கிறார். பிளேட் என்பது கண்ணாடியில் எடுத்த நெகட்டிவ். அதில் எல்லாம் தலைகீழ். முகத்தில் கறுப்பான இடம் கண்ணாடியில் தெளிவாக இருக்கும். அங்கே பென்சில் பட்டால் பிரிண்ட் போடும்போது வெளிச்சம் தடைபட்டு அந்த இடம் வெளுக்கும். எவ்வளவு வெளுக்கும் என்பது பிளேட்டை மட்டும் பார்த்தால் தெரியாது. நடுவில் ஒரு பிரிண்ட் எடுத்துப் பார்க்க வேண்டும். அந்தக் காகிதம்கூட என் அம்மாவுக்காகச் செலவழியவில்லை.

"பிளேட்டைக் குடுங்க."

"பிளேட்டு ஸ்டுடியோவுக்குள்ளது. வெளிய போவாது."

"அப்போ நான் உள்ள வாறேன். உங்க மேசையில நானே திருத்துதேன். காகிதம், மருந்து எல்லாத்துக்கும் உண்டானதைத் தந்திருதேன்."

அவர் என் கைகளைப் பார்த்தார். சுட்டுவிரல் ஓரத்தில் பென்சில் பதிந்த தழும்பு இருந்தது. முறுமுறுத்துக்கொண்டே அலமாரியைத் திறந்தார்.

பிளேட்டைத் தூக்கி வெளிச்சத்தில் சாய்த்தேன். பென்சில் மாத்திரம்தான். கத்தி வைத்துச் சுரண்டவில்லை. சுரண்டியிருந்தால் மீட்க முடியாது. பஞ்சில் டர்பன்டைன் தொட்டு மெதுவாகத் துடைத்தேன். பென்சில் பிடிக்க இட்ட பூச்சும் பென்சிலும் சாம்பலாகப் பஞ்சில் வந்தன. உலர்த்தி, வெயிலில் காட்டிப் பிரிண்ட் எடுக்கும் காகிதத்தில் ஒன்று எடுத்தேன். எந்தக் கையும் படாத படம். வாயோரம் கறுப்பு, முட்டிகள் கறுப்பு. எனக்கு அப்போது இருந்த ஆத்திரத்தில் அதுவே சரி என்று பட்டது. இதைத்தான் மாட்ட வேண்டும். கரிவாயி என்று கூப்பிட்டவர்கள் ஒவ்வொரு ஞாயிறும் அண்ணாந்து பார்க்கட்டும்.

சாயங்காலம் அதை அக்காவிடம் கொடுத்தேன். அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"இதை மாட்டப் போறியா?"

"ஆமா. ஒரு கோடு போடலை. உள்ளது உள்ளபடி."

"ஏலே ஞானையா, இது அம்மைக்க மொகமா? அம்மை இவ்வளவு கறுப்பா இருந்தாளா?"

படத்தை வாங்கக் கை நீட்டினேன். அவள் விடவில்லை.

"அம்மை இதைப் பாத்துத்தான் தாடின்னு சொன்னா. பூங்கனி ஒரு பேரு வச்சா. நீ அதைச் சட்டம் போட்டுக் கோயில்ல மாட்டப் போற. அவளுக்கும் ஒனக்கும் என்ன வித்தியாசம்?"

படத்தை என் கையில் திணித்துவிட்டு அடுக்களைக்குப் போனாள்.

எனக்கு முதலில் அவள்மேல் கோபம் வந்தது. பிறகு என்மேல். அவள் சொன்னது சரி. அந்தப் பிளேட் சிவப்பு நிறத்தைப் பார்க்காத ரகம். சிவப்பு கலந்த பழுப்பைக் கறுப்பாகவே காட்டும். கண்ணுக்குக் கொஞ்சம் கறுத்துத் தெரிந்த இடம் பிளேட்டில் மை கொட்டியதுபோல் விழும். தினமும் அச்சகத்தில் இதைச் சரிசெய்து கூலி வாங்குகிறவன் நான். கை படாத படம் என்றால் உண்மையான படம் என்று என் சொந்த அம்மா விஷயத்தில் மட்டும் நம்பிவிட்டேன்.

அடுக்களைக்குப் போய், "கையைக் காட்டுக்கா" என்றேன். அம்மாவின் கை அது. அதே முட்டிகள். ஜன்னல் பக்கம் இழுத்துப் பார்த்தேன். கறுப்பு முட்டியில் வட்டமாக நிற்கவில்லை. நடுவில் கூடி, விளிம்பில் விரலின் நிறத்தோடு கரைந்தது. மடிப்புக் கோடுகள்தான் மிகக் கறுப்பு. கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில் நிறம் லேசு. அவள் வாயோரத்தையும் பார்த்தேன். மூக்கிலிருந்து இறங்கும் மடிப்பில் நிழல், உதட்டின் கீழே இன்னொரு நிழல். மீதி வெறும் நிறம்.

"உலை பொங்குது. விடுலே" என்றாள்.

சனிக்கிழமை மறுபடி நாகர்கோவில். திருத்தும் மேசையில் பிளேட்டைப் பொருத்தினேன். கீழே இருந்த முகம் பார்க்கும் கண்ணாடி, ஜன்னல் வெளிச்சத்தை மேலே பிளேட்டுக்கு அனுப்பியது. தலைக்கு மேல் கறுப்புத் துணி. பென்சில் பிடிக்கும் மருந்தை ஒரு சொட்டு வைத்துத் துணியால் வட்டமாகத் தேய்த்து உலரவிட்டேன். கெட்டிப் பென்சிலை உப்புத்தாளில் ஊசியாகத் தீட்டினேன். அழுத்தவில்லை. பொட்டளவு வளைந்த கீற்றுகள், ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல். வாயோரத்தில் கன்னத்தின் நிறம்வரை கொண்டுபோகவில்லை. பாதியைத் தாண்டி நிறுத்தினேன். விளிம்பில் மட்டும் கீற்றுகளைக் கன்னத்துக்குள் கொஞ்சம் ஓடவிட்டு எல்லை தெரியாமல் செய்தேன். மடிப்பு நிழலைத் தொடவில்லை. தொட்டால் வாய் முன்னால் துருத்தும்.

முட்டிகளில் கோடுகளை விட்டுவிட்டு நடுவில் மட்டும் நிரப்பினேன். ஒரு பிரிண்ட் எடுத்தேன். இடது கையில் வெளுப்பு கூடிப்போயிருந்தது. துடைத்து மறுபடி செய்தேன். இன்னொரு பிரிண்ட். மேலுதட்டுக்கு மேல் இன்னும் நாலு கீற்று வேண்டியிருந்தது. மூன்றாவதை நாராயணபெருமாள் வாங்கி வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இதுல நீங்க என்ன செஞ்சீங்கன்னே தெரியலியே" என்றார்.

"தெரியக் கூடாது."

"அப்போ எவன் கூலி குடுப்பான்?"

அவரே பெரிதாகப் போட்டுக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் படத்தைப் பார்த்தான். சட்டத்திலிருந்து பழையதை அவனே கழற்றினான். புதியதைப் பொருத்திச் சபைக் கூடத்தில் ஆணி அடித்து மாட்டினான். ஜெபம் முடிந்து துணியை விலக்கியதும் பெண்கள் கிட்டே வந்தார்கள். பூங்கனியும் வந்தாள். வயதாகிவிட்டது. படத்துக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுபோனாள்.

"ஏட்டி லீலா, கறுப்பை எடுத்துட்டாங்களா?"

"இல்லை. இருக்கு பாருங்க."

பூங்கனி தேடினாள். வாயைப் பார்த்தாள், கைகளைப் பார்த்தாள், மறுபடி வாயைப் பார்த்தாள்.

"இருக்கு" என்றாள். "ஆனா இவ இப்படியா இருந்தா? அழகாட்டுல்லா இருந்திருக்கா."

"உங்க அடுத்த கடையிலதான் இருபது வருசம் இருந்தா" என்றேன். "அப்போ திரும்பிப் பாத்திருக்கலாம்."

பூங்கனியின் கண் கலங்கியது. எனக்கு அவள்மேல் இரக்கம் வரவில்லை. எலுமிச்சைத் தோலைப் பற்றியும் சொல்ல வாயெடுத்தேன். அக்கா என் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனாள்.