தோளை அறுக்கும் பை

என் பயண சேனலின் போன வீடியோவில், ஒரு பை கம்பெனி எழுதித் தந்த விளம்பரத்தை அப்படியே வாசித்தேன். பார்த்தவர்களில் பாதிப் பேர் அந்த இடத்தைத் தள்ளிவிட்டுப் போய்விட்டார்கள்.

வீடியோவை வெட்டி ஒட்டுகிற என் மனைவி சொன்னாள்: "பேச்சோட பேச்சா வரணும். மொதல்ல பையோட குறையச் சொல்லுங்க, அப்பதான் நம்புவாவ."

நாலு தடவை எழுதிக் கிழித்தேன். கடைசியில், மணிமுத்தாறு அருவிச் சாரலில் தெப்பமாக நனைந்து நிற்கும் காட்சியிலேயே அந்தக் கம்பெனிப் பையைத் திறந்தேன்.

"இது விளம்பரந்தான். பை வாரு தோள அறுக்கு. ஆனா உள்ள இருக்க கேமராவப் பாருங்க, பொட்டுத் தண்ணி இல்ல."

இந்த முறை பெரும்பாலானவர்கள் தள்ளவில்லை. கம்பெனி மட்டும் வாரைப் பற்றி முனகியது.

அலுத்துப்போய்ச் சாப்பிட உட்கார்ந்தேன்.

"உப்பு கொஞ்சம் கூடிட்டு. ஆனா குழம்பு அருமை."

மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எங்கிட்டயுமா?"